அழகர் ஆத்துல இறங்குற அன்னிக்கு டயாலிசிஸ் யூனிட்ல லீவு: ஆள் மாத்திவிட்டு எப்படிக் கேக்குறது

கேள்வி: அண்ணே, மதுரைல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில டயாலிசிஸ் டெக்னீசியனா இருக்கேன், மாட்டுத்தாவணி பக்கம். டீம்ல என்னையும் சேத்து ஆறு பேரு. இந்த வருஷம் தோல் பையில தண்ணி நிரப்பிப் பீச்சுற துருத்தி எடுக்குற நேர்த்திக்கடன் என் மேல. எதிர்சேவை வியாழன், ஆத்துல இறங்குறது வெள்ளி. வியாழன்ல இருந்து ஞாயிறு வரை லீவு வேணும். போன தடவை கேட்டப்ப "எல்லாரும் போயிட்டா மிஷினை யாரு பாக்குறது"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சுட்டாங்க. எப்படிக் கேட்டா கிடைக்கும்?

பதில்:

தம்பி, நான் ரொம்ப வருஷம் டயாலிசிஸ் யூனிட்ல இன்சார்ஜா டூட்டி லிஸ்ட் போட்ட ஆளு, அதனால அந்தப் பக்கத்துல இருந்து சொல்றேன். சித்திரைத் திருவிழாவுக்கு லீவு கேட்டு வர்றவங்கள்ல பத்துக்கு ஒம்போது பேரு "சார் நேர்த்திக்கடன் சார்"னு காரணத்தைத்தான் விளக்குவாங்க. காரணம் எங்களுக்குத் தெரியாதா, நாங்களும் இந்த ஊருதான, இன்சார்ஜுக்கே அன்னிக்கு ஆத்துக்குப் போகணும்னுதான் இருக்கும். அவருக்கு இல்லாதது காரணம் இல்ல, வெள்ளிக்கிழமை காலைல அஞ்சரை மணிக்கு யாரு வந்து ஆர்ஓ பிளான்ட்டை ஆன் பண்ணுவாங்கங்கிற பதில். அந்தப் பதிலோட போறவனுக்கு லீவு கிடைச்சுரும், அம்புட்டுதான்.

கலெக்டர் லோக்கல் ஹாலிடே விட்டிருக்காரேன்னு மட்டும் ஆரம்பிச்சுறாதீங்க. அந்த அறிவிப்புலயே கீழ ஒரு வரி இருக்கும், 1881-ம் வருஷத்து செலாவணி முறிச் சட்டப்படி இது பொது விடுமுறை இல்லன்னு. பேங்க்கே அன்னிக்குத் திறந்திருக்கும். அரசு ஆபீசுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் விடுற லீவு அது, அவங்களே பதிலுக்கு ஒரு சனிக்கிழமை வேலை பாத்துக் கழிக்கணும். பிரைவேட் ஆஸ்பத்திரிகிட்ட போயி அதைக் காட்டினா விவாதம்தான் நீளும்.

மொதல்ல உங்க நாலு நாளைக் கொஞ்சம் செதுக்குவோம். ஆறு பேரு இருக்குற யூனிட்ல பொதுவா காலைல ரெண்டு பேரு, மதியம் ரெண்டு பேரு, ராத்திரிக்கு ஆன்கால் ஒருத்தர், ஒருத்தருக்கு ஆஃப், இப்படித்தான் ஓடும், உங்களோடதும் அதுதான்னு வெச்சுக்குறேன். ஞாயித்துக்கிழமை எமர்ஜென்சி மட்டும்தான், அதனால அன்னிக்கு உங்க பேரு ஆன்கால்ல இல்லாம இருந்தாலே போதும், அது லீவே இல்ல. சனிக்கிழமைக்கு உங்க வீக் ஆஃபை மாத்திக்குங்க, அந்த வாரத்து டூட்டி லிஸ்ட் எழுதுறதுக்கு முன்னாடியே கேட்டா இன்சார்ஜுக்கு அது ஒரு வேலையே இல்ல. ஆக நீங்க உண்மையா ஆள் தேட வேண்டியது வியாழன், வெள்ளி ரெண்டே நாள்தான். "நாலு நாள் லீவு வேணும்"னு கேக்குறதுக்கும் "சனிக்கிழமை என் ஆஃபை வெச்சுக்குங்க, வியாழன் வெள்ளி ரெண்டு டூட்டிக்கு ஆள் சொல்லிட்டேன்"னு கேக்குறதுக்கும் காதுல விழுறப்பயே எவ்வளவு வித்தியாசம் பாருங்க, ரெண்டும் ஒரே நாலு நாள்தான்.

இப்ப ஆள். நீங்க இல்லன்னா மிச்சம் அஞ்சு பேரு, காலைல ரெண்டு மதியம் ரெண்டு ஆன்கால் ஒண்ணுன்னு அஞ்சும் நிரம்பிரும், அப்படின்னா அன்னிக்கு யாருக்கு ஆஃப் வந்திருக்கோ அவரோட ஆஃபைத்தான் நீங்க வாங்குறீங்க. வேற வழியே இல்ல. அதனால "யாராச்சும் பாத்துக்குவீங்களா"ன்னு பொத்தாம்பொதுவா குரூப்ல போடாம, வியாழக்கிழமை ஆஃப் வர்றவரு, வெள்ளிக்கிழமை ஆஃப் வர்றவரு, இந்த ரெண்டு பேருகிட்ட நேராப் போயி கேக்கணும். அவங்களுக்கும் ஆத்துக்குப் போக ஆசை இருந்தா கதை முடிஞ்சது, அதனாலதான் ஒரு மாசம் ஒன்றரை மாசம் முன்னாடியே பேசணுங்கிறேன், அப்பன்னா ஆஃப் நாளை நகத்தி விருப்பமில்லாத ஆளுக்கு அந்த வெள்ளி விழுற மாதிரி லிஸ்டையே எழுத வைக்கலாம். சித்ரா பௌர்ணமி என்னிக்குன்னு தினசரி காலண்டர் வாங்குன அன்னிக்கே தெரியுமே, கொடி ஏறுன பெறகு கேக்க என்ன இருக்கு.

யாருக்கு அந்த வெள்ளிக்கிழமை பெருசில்லன்னு நீங்களா முடிவு பண்ணிறாதீங்க. "அவரு பாய்தான, அவருக்கு என்ன", "சிஸ்டர் சர்ச்சுக்குப் போறவங்கதான"ன்னு நெனைச்சுட்டு இன்சார்ஜ்கிட்ட அவங்க பேரைச் சொல்லிட்டு வந்து நின்ன ஆளுங்க நெறைய உண்டு. அவங்க தெருவுலயும் அன்னிக்கு நீர்மோர்ப் பந்தல் போடுவாங்க, பிள்ளைங்க பாக்கணும்னு நிக்கும். கேட்டுட்டுச் சொல்லுங்க. கேக்குறப்ப நீங்க திருப்பித் தர்ற நாளையும் கையோட சொல்லுங்க, "எப்ப வேணும்னாலும் பாத்துத் தர்றேன்"ங்கிறது கடன் இல்ல, வெறும் பேச்சு. பக்ரீத் அன்னிக்கு என் பேரைப் போட்டுக்குங்க, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி ஆன்கால் நான் எடுத்துக்குறேன், இப்படித் தேதியோட சொல்லி ரெஜிஸ்டர்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டுருங்க.

என் யோசனை கேட்டா, ஒருத்தரோட ஆஃபைத் திருவிழாவுக்கு முந்தின வாரமே அடைச்சுருங்க. வாங்குறதுக்கு முன்னாடியே குடுத்துட்டவன்கிட்ட கடைசி நேரத்துல யாரும் "முடியாது மாப்ள"ன்னு சொல்ல மாட்டாங்க. இன்னொருத்தரோடதைப் பின்னாடி அடைங்க, ரெண்டையும் முன்னாடியே அடைச்சா ரெண்டு வாரம் ஓய்வில்லாம ஓடி விரதத்தோட கெறங்கிருவீங்க. இப்படி டூட்டிக்கு டூட்டி மாத்திக்கிட்டா உங்க லீவு கணக்குல ஒரு நாள்கூடக் கழியக்கூடாது, ஏன்னா நீங்க வேலை பாத்து ஈடு பண்ணிட்டீங்க. லீவும் கழிச்சு ஆஃபும் போச்சுன்னா அது ரெட்டை வெட்டு, ஃபார்ம்ல "டூட்டி மாற்றம்"னு எழுதிக் குடுங்க, "விடுப்பு"ன்னு எழுதாதீங்க.

ஒரே ஆளு காலைலயும் பாத்து மதியமும் பாக்குற மாதிரி ஏற்பாட்டோட போகாதீங்க. காலை அஞ்சரைல இருந்து ராத்திரி ஒம்போது வரை ஒரே ஆளு நின்னா மூணாவது பேட்ச்ல ஊசி போடுறப்ப கை எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அதே மாதிரி வியாழன் ராத்திரி ஆன்கால் பாத்தவரை வெள்ளி காலைக்குப் போடக்கூடாது. இன்சார்ஜ் இந்த ரெண்டையும்தான் மொதல்ல பாப்பாரு.

அடுத்து, மத்த ஊர்க்காரங்களுக்கு வராத சிக்கல் ஒண்ணு நமக்கு இருக்கு, ஆறு. வியாழன் ராத்திரியே கோரிப்பாளையம், தல்லாகுளம், ஏவி பாலம்னு வழி எல்லாம் அடைச்சுருவாங்க, வெள்ளி விடியக்காலைல அழகர் இறங்குறது ஆறு மணிய ஒட்டின நேரம், உங்க முதல் பேட்ச்சும் அதே நேரம். உங்களுக்குப் பதிலா வர்றவரு வீடு வில்லாபுரத்துலயோ ஜெய்ஹிந்துபுரத்துலயோ இருந்துச்சுன்னா அவரு எவ்வளவு நல்ல மனுசனா இருந்தாலும் அஞ்சரைக்கு வந்து சேருறது சந்தேகம், ரிங் ரோடு சுத்தி வரணும், அதுலயும் கூட்டம். ஆஸ்பத்திரி வடகரைல இருக்குறதால வெள்ளி காலை டூட்டிக்கு வடகரை ஆளாப் பாத்துப் பிடிங்க, மேலூர் ரோட்டுல இருந்து வர்றவரு, ஒத்தக்கடை ஆளு, இப்படி. தென்கரை ஆளுதான் கிடைச்சாருன்னா அவரை மதியத்துக்குப் போட்டு, மதியம் இருக்குற வடகரை ஆளைக் காலைக்கு மாத்தச் சொல்லுங்க. வியாழனுக்கு இதே கணக்கு அழகர் கோயில் ரோட்டுக்காரங்களுக்குப் பொருந்தும், எதிர்சேவைக் கூட்டம் மூன்றுமாவடி புதூர்னு அங்கிட்டுதான் நிக்கும்.

டூட்டிக்கு ஆள் வந்துட்டா போதாது தம்பி, பேஷன்ட் வரணுமே. இதை யோசிச்சுட்டு வந்து லீவு கேட்டவங்க என் அனுபவத்துல ரொம்பக் கம்மி, யோசிச்சு வந்தவங்களுக்கு நான் இல்லன்னு சொன்னதே இல்ல. வெள்ளி காலை முதல் பேட்ச்ல தென்கரைல இருந்து வர்றவங்க யாரு யாருன்னு ஒரு தாள்ல எழுதுங்க. எட்டு மிஷின்ல ஒரு மூணு பேரு அப்படி இருக்காங்கன்னு வெச்சுக்குங்க. இவங்களை என்ன பண்றது? பாத்தவுடனே எல்லாருக்கும் தோணுறது, முந்தின நாள் வியாழக்கிழமையே வரச்சொல்லிப் போட்டு விட்டுரலாம், முன்னாடி போடுறது பத்திரம்தானன்னு. கணக்கு போட்டுப் பாருங்க. இவங்க திங்கள் புதன் வெள்ளி ஆளுங்க. வெள்ளிய வியாழனுக்கு மாத்துனா அடுத்தது திங்கள், நடுவுல நாலு நாள் இடைவெளி ஆயிரும். சாதாரணமா வெள்ளிக்கும் திங்களுக்கும் நடுவுல வர்ற மூணு நாள் இடைவெளிதான் இவங்களுக்கு வாரத்துலயே ஆபத்தான நேரம், அதை நாலாக்குறது, அதுவும் திருவிழா நேரத்துல. பந்தலுக்குப் பந்தல் பானகம், மோர், இளநீ, தர்பூசணின்னு கையில திணிப்பாங்க, தண்ணிக்கும் பொட்டாசியத்துக்கும் கட்டுப்பாடு இருக்குற மனுசன் வெயிலுக்கு ஒரு இளநீ குடிச்சாலே திங்கக்கிழமை மூச்சுத் திணறியோ நெஞ்சு படபடத்தோதான் வந்து நிப்பாரு.

அதை விட நல்ல வழி அதே வெள்ளிக்கிழமை மூணாவது பேட்ச். காலைல வர முடியாத மூணு பேரைச் சாயங்காலத்துக்கு மாத்திட்டு, சாயங்காலம் வர்ற வடகரைக்காரங்க மூணு பேரைக் காலைக்கு வரச்சொன்னா நாள் மாறாது, இடைவெளியும் மாறாது. சாயங்காலம் ரிங் ரோடு வழியா மாட்டுத்தாவணிக்கு வந்துருவாங்க. அப்படியும் யாராச்சும் முடியாதுன்னா சனிக்கிழமைக்கு மிஷின் காலி இருக்கான்னு பாக்கலாம், புதன்ல இருந்து சனி மூணு நாள், அவரு வாராவாரம் தாங்குற இடைவெளிதான், அடுத்து திங்களுக்குப் பழைய ஓட்டத்துக்கு வந்துருவாரு. ஆனா இதுல எதையும் நீங்களே பேஷன்ட்கிட்ட போன் பண்ணிச் சொல்லிறாதீங்க, பட்டியலை மட்டும் தயார் பண்ணி நெஃப்ராலஜி டாக்டர் பார்வைக்கு வைங்க, தண்ணி ரொம்ப ஏறுறவரு, பொட்டாசியம் எப்பவுமே ஒசரத்துல நிக்கிறவரு இவங்களை எங்க போடணும்னு அவருதான் சொல்லணும்.

இன்னொண்ணு, உங்க கைக்கு மட்டுமே பழகின வேலை எது எதுன்னு பாருங்க. டூட்டி லிஸ்ட்ல பேரு மாறிரும், கை மாறாது. ஒவ்வொரு யூனிட்லயும் ஒரு ரெண்டு பேஷன்ட் இருப்பாங்க, "அந்தத் தம்பி வந்தா மட்டும் ஊசி போடுங்க, இல்லன்னா உக்காந்திருக்கேன்"னு சொல்றவங்க, ஊசி போடுறதுக்குன்னே கையில ஆபரேஷன் பண்ணி ரத்தக் குழாய இணைச்ச ஃபிஸ்டுலா புதுசா இருக்கும், இல்ல ஆழத்துல இருக்கும், ஒரு தடவை வேற யாரோ போட்டு வீங்கினது மனசுல நிக்கும். உங்க ஷிஃப்ட்ல அப்படி யாரு இருக்காங்களோ அவங்களுக்கு, உங்களுக்குப் பதிலா வர்றவரு முந்தின வாரமே ஒரு தடவை நீங்க பக்கத்துல நிக்கப் போட்டுப் பாக்கட்டும். பேஷன்ட் கண்ணு முன்னாடி அது நடக்கணும், அப்பதான் வெள்ளிக்கிழமை அவரு கையை நீட்டுவாரு. அவர் ஃபைல்ல ஒரு சின்னக் குறிப்பு, எந்த ஊசி எந்த இடம், எந்தப் பக்கம் பாத்துப் போகணும், எத்தனை கேஜ், போன வாரம் எங்க ரத்தம் கட்டியிருக்கு, அவ்வளவு போதும். ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் மிஷின் உங்க பொறுப்புல இருந்துச்சுன்னா அதையும் மறக்காம சொல்லுங்க, அதைப் பாக்குறவரு அதே ஷிஃப்ட்ல நெகட்டிவ் பேஷன்ட்டைத் தொடக்கூடாது, தடுப்பூசி போட்டு ஆன்டிபாடி இருக்குற ஆளா வேற இருக்கணும். சும்மா ஒரு பேரை எடுத்து அந்த எடத்துல எழுதிட்டுப் போக முடியாது.

யாரும் லிஸ்ட்ல எழுதாத வேலையும் இருக்கும். தண்ணி லாரிக்கு போன் பண்றது யாரு? நீங்கதானா? ஒரு பேஷன்ட்டுக்கு நிமிஷத்துக்கு 500 மில்லி வீதம் நாலு மணி நேரம்னா 120 லிட்டர் சுத்தமான தண்ணி ஓடுது, எட்டு மிஷின் மூணு பேட்ச்னா ஒரு நாளைக்கு மூவாயிரம் லிட்டர் பக்கம், அது ஆர்ஓ தண்ணி மட்டும், ஆர்ஓ கழிச்சு விடுறதையும் சேத்தா உள்ள வர்ற தண்ணி அதுக்கும் மேல. அடைச்ச ரோட்டுல லாரி எங்கிட்டு வரும்? புதன்கிழமை ராத்திரிக்குள்ள சம்ப்பை நிரப்பச் சொல்லி முன்னாடியே லாரிக்காரர்கிட்ட பேசிட்டு, அதை இன்சார்ஜ்கிட்டயும் சொல்லுங்க. பைகார்ப், ஆசிட் கேனு, டயலைசரு இதெல்லாம் சனிக்கிழமை வரைக்கும் இருக்கான்னும் புதனே எண்ணிப் பாத்துருங்க. ஒவ்வொரு பேட்ச்சுக்கு முன்னாடி குளோரின் டெஸ்ட் பாக்குறது உங்க பழக்கம்னா, அந்த ரெண்டு நாளும் யாரு பாப்பாங்கன்னு பேரு போட்டு எழுதுங்க. ரெண்டு பேரு இருந்தா ஒருத்தர் பாத்திருப்பாருன்னு இன்னொருத்தர் நெனைக்கிற வேலை அது.

இம்புட்டையும் பேசி முடிச்ச பெறகு இன்சார்ஜ்கிட்ட போங்க. ரவுண்ட்ஸ் நேரத்துலயோ பேட்ச் மாத்துற பரபரப்புலயோ போகாதீங்க, ரெண்டாவது பேட்ச் ஓடிக்கிட்டு எல்லா மிஷினும் அமைதியா இருக்குற நேரம் பாத்துப் போங்க. நேர்ல ஒரு வார்த்தை சொல்லிட்டு, எழுத்துல இப்படிக் குடுங்க:

"சார், வணக்கம். அழகர் திருவிழாவுக்கு வீட்ல நேர்த்திக்கடன் இருக்கு. வியாழன், வெள்ளி ரெண்டு நாள் டூட்டி மாத்திக்க அனுமதி வேணும், சனிக்கிழமை என் வீக் ஆஃபை வெச்சுக்குறேன், ஞாயிறு ஆன்கால்ல என் பேரு வேண்டாம். வியாழன் காலைக்கும் வெள்ளி காலைக்கும் வர்றவங்க பேரு, அவங்க கையெழுத்து, நான் திருப்பிப் பாக்குற தேதி எல்லாம் கீழ இருக்கு. வெள்ளி வர்றவரு வடகரைல இருக்காரு. அவரால முடியாமப் போனா மதியம் டூட்டி அக்கா காலைக்கு வர ஒத்துக்கிட்டாங்க, அப்ப மதியத்துக்கு வர்ற ஆளு பேரும் எழுதியிருக்கேன். வெள்ளி முதல் பேட்ச்ல பாலம் தாண்டி வர்ற மூணு பேஷன்ட் பட்டியல் தனியா வெச்சிருக்கேன், டாக்டர் பாத்துட்டுச் சொன்னா மாத்திரலாம். புதன் டூட்டி முடிச்சு ஸ்டாக், தண்ணி, ஊசிக் குறிப்பு எல்லாம் ஒப்படைச்சுட்டுத்தான் கிளம்புவேன். வெள்ளி மதியம் ரெண்டு மணிக்கு மேல போன்ல கிடைப்பேன்."

கடைசி வரியக் கவனிங்க. "எப்ப வேணா கூப்பிடுங்க சார்"னு எழுதாதீங்க, பொய் அது, துருத்தியத் தோள்ல போட்டுக்கிட்டு கூட்டத்துல தண்ணி பீச்சிக்கிட்டு இருக்குறப்ப போன் எங்க கேக்கும், எடுத்தாலும் நனைஞ்சுரும். எப்ப கிடைப்பீங்கன்னு உண்மையாச் சொன்னா அவங்க அதுக்குத் தகுந்த மாதிரி வேற ஆளைக் கூப்பிட்டுக்குவாங்க.

அவரு இன்னும் யோசிச்சாருன்னா "ஏன் சார் குடுக்க மாட்டீங்க"ன்னு நிக்காதீங்க, "இதுல எந்த டூட்டி உங்களுக்கு இடிக்குது சார்"னு கேளுங்க. பெரும்பாலும் ஒரு எடம்தான் இடிக்கும், வியாழன்னு சொல்லுவாரு, அப்ப வியாழன் காலை டூட்டிய நீங்களே பாத்துட்டு ஒன்றரை மணிக்குக் கிளம்புங்க, எதிர்சேவை ராத்திரி வரைக்கும் நடக்கும், உச்சி வெயில்ல போறதுக்குப் பதிலா சாயங்காலம் தல்லாகுளத்துல போயி சேந்துக்கலாம். சனிக்கிழமைய மட்டும் விட்டுக் குடுக்காதீங்க. தசாவதாரம் பாக்குறதுக்காகச் சொல்லல, ரெண்டு ராத்திரி தூங்காம விரதம் இருந்துட்டு வந்து ஒருத்தர் கையில 16 கேஜ் ஊசி போடக் கூடாதுங்கிறதுக்காகச் சொல்றேன். இதையே இன்சார்ஜ்கிட்டயும் சொல்லலாம், மறுக்க மாட்டாரு.

உங்களுக்குப் பதிலா வர்ற ரெண்டு பேருக்கும் புதன் ராத்திரி ஒரு போன் போட்டு உறுதி பண்ணிக்குங்க, திங்கக்கிழமை டூட்டிக்கு வந்ததும் அந்த மூணு தென்கரை பேஷன்ட்டோட எடையத்தான் மொதல்ல பாருங்க.